தொட்டிக்குள் திரும்பி வந்த தண்ணீர்: ஒரு மழைநீர் சேகரிப்பு வரைபடத்தைப் படித்ததில் நேர்ந்த பிழை

பின்னணி

திருநெல்வேலி மாவட்டத்தில் மானூருக்கு வடக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் உள்ள ஊர். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் மட்டும் இருக்கும் வீடு. போர் தண்ணீரில் மீட்டரை விட்டால் 1,800 டிடிஎஸ் காட்டும். பருப்பு வேகாது, காபி திரிந்த மாதிரி இருக்கும். பல வருடமாகக் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான் வாங்கினார்கள். வண்டி வராத நாளில் சார் சைக்கிளில் போய்க் கொண்டு வருவார்.

தமிழ்நாட்டில் 2003-லிருந்தே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதனால் இந்த வீட்டிலும் தட்டட்டியிலிருந்து, அதாவது மொட்டை மாடியிலிருந்து, ஒரு பைப்பை இறக்கி, முற்றத்து ஓரம் ஒரு குழியில் விட்டிருந்தார்கள். அது மழைத் தண்ணீரை நிலத்துக்குள் அனுப்பும் ஏற்பாடு. 2024 ஆடியில் சார் கேட்டது வேறு: தட்டட்டித் தண்ணீரை வடிகட்டி, நிலத்தடித் தொட்டியில் சேர்த்து, வருடம் முழுக்கச் சமையலுக்கு எடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு வரைபடம் வந்தது. சாரின் மகனுடைய நண்பர், வெளியூரில் இருக்கும் ஒரு பொறியாளர், போனில் அளவுகளைக் கேட்டும் போட்டோக்களைப் பார்த்தும் வரைந்து அனுப்பியது. வேலையை நடத்தியது ஊர்க் கொத்தனாரும் ஒரு பிளம்பரும். மேற்பார்வை என்னுடையது. நான் சிவில் டிப்ளமோ படித்து இந்தப் பக்கம் வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொடுக்கிறவன். பிழையில் எனக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால்தான் இதை முழுதாக எழுதுகிறேன்.

படத்தில் என்ன இருந்தது

ஒரே தாள்தான். மேல் பாதியில் பிளான், அதாவது வீட்டை வானத்திலிருந்து பார்த்தால் எது எங்கே இருக்கும் என்பது. கீழ்ப் பாதியில் செக்‌ஷன், அதாவது எல்லாவற்றையும் நெடுக வெட்டி, பக்கவாட்டில் நின்று பார்த்தால் எது எந்த உயரத்தில் இருக்கும் என்பது. தண்ணீர் போகும் வரிசை இரண்டிலும் ஒன்றுதான்: தட்டட்டி, இறங்கு பைப், முதல் மழையை ஒதுக்கும் பைப், வடிகட்டித் தொட்டி, சேமிப்புத் தொட்டி, அதன் ஓவர்ஃப்ளோ, அப்புறம் உறை இறக்கிய உறிஞ்சுகுழி.

தட்டட்டி சுமார் 1,000 சதுர அடி, 93 சதுர மீட்டர். தட்டோடு பதித்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் என்பதுதான் இந்தக் கணக்குகளின் அடிப்படை. தளம் உறிஞ்சுவதும் தெறிப்பதும் போக 85 சதவீதம் பைப்புக்கு வரும் என்று பொறியாளர் எடுத்துக்கொண்டிருந்தார். முதல் மழையை ஒதுக்க 160 மில்லிமீட்டர் பைப்பைச் சுவரோடு இரண்டரை மீட்டருக்கு நிறுத்தி, அடியில் எண்ட் கேப் போட்டு, அதில் ஒரு சிறு கசிவுத் துளை. தூசியும் காக்கை எச்சமும் கலந்த முதல் 45 லிட்டர் அதில் நின்றுகொள்ளும். அந்தப் பகுதி ஆரம்பத்திலிருந்தே சரியாக வேலை செய்தது. அதை இத்தோடு விடுகிறேன்.

செக்‌ஷனில் ஒவ்வொரு பைப்புக்குப் பக்கத்திலும் ஓர் எண் இருந்தது, முன்னால் ‘ஐ.எல்.’ என்று போட்டு. பைப்பின் உள்பக்க அடிமட்டம் என்று அதற்குப் பொருள். பைப்பின் நடுவும் இல்லை, மேல் விளிம்பும் இல்லை. தண்ணீர் எந்த மட்டத்தைத் தொட்டால் அந்த பைப்பில் ஓட ஆரம்பிக்குமோ அந்த மட்டம். எல்லா எண்ணும் ±0.00 என்று ஓரிடத்தை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே எத்தனை மீட்டர், கீழே எத்தனை மீட்டர் என்று சொல்பவை. இந்தப் படத்தில் ±0.00 என்பது முற்றத்தின் தளம்.

வடிகட்டி இரண்டடிக்கு இரண்டடி. அடியில் ஒன்றரை இஞ்ச் ஜல்லி, அதன்மேல் அரை இஞ்ச் ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேல் 25 செ.மீ. ஆற்று மணல். மணலின் மேல்பரப்பு +0.35. அதற்கு 15 செ.மீ. மேலே, +0.50-ல், பக்கச் சுவரிலிருந்து ஒரு பைப் புள்ளிக்கோட்டில் வரையப்பட்டிருந்தது. அது வடிகட்டி தாங்காத தண்ணீரை வெளியே விடும் பைப். வடிகட்டியின் அடியிலிருந்து தொட்டிக்குப் போகும் பைப் தொட்டிக்குள் நுழையும் இடத்தில் −0.30. தொட்டியின் ஓவர்ஃப்ளோ −0.45. தொட்டித் தரை −2.25. ஆக 1.80 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும், கிட்டத்தட்ட 10,000 லிட்டர்.

உறிஞ்சுகுழியிலிருந்து இன்னொரு பைப் கிளம்பித் தாளின் ஓரத்தில் ஓர் அம்புக்குறியோடு முடிந்தது. பக்கத்தில் ‘தெரு வாறுகாலுக்கு’, அதாவது தெருச் சாக்கடைக்கு, என்றும் −0.60 என்றும் எழுதியிருந்தது. தாளின் அடியில் குறிப்புகளில் மூன்றாவதாக, சின்ன எழுத்தில்: முற்றத் தளம் தெருவை விட 30 செ.மீ. உயரம் என்று கொள்ளப்பட்டுள்ளது.

படம் சரியான படம். எண்களை வரிசையாக வாசித்தால் +0.50, −0.30, −0.45, −0.60 என்று இறங்கிக்கொண்டே போகின்றன. தண்ணீர் போகப்போக எண் குறைய வேண்டும். ஓரிடத்திலும் ஏறக் கூடாது. தாளில் அது சரியாக இருந்தது.

எப்படிக் கட்டினோம்

ஆவணியில் வேலை முடிந்தது. தொட்டி நன்றாக வந்திருந்தது. இரண்டு மீட்டருக்கு மேல் கரிசலையும் அடியில் சுக்கான் பாறையையும் தோண்டி, கம்பி கட்டி, உள்ளே இரண்டு கை பூச்சு. தண்ணீர் நிரப்பி ஏழு நாள் பார்த்தோம், ஒரு விரல்கூட இறங்கவில்லை.

இரண்டு இடத்தில் மட்டும் படத்திலிருந்து விலகினோம். விலகல் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

முதலாவது, வடிகட்டியின் புள்ளிக்கோட்டு பைப். பிளம்பர் அதற்குத் துளை விட்டுவிட்டு, கேப் போட்டு அடைத்துவிட்டார். பிறகு கேட்டபோது, “புள்ளிக்கோடு போட்டா வேணும்னா போடலாம், வேண்டாம்னா விடலாம்னு நினைச்சேன் அண்ணாச்சி. அதுலயும் நல்ல தண்ணிதான வெளிய போவுது, வீணாப் போவாண்டாமேன்னு அடைச்சிட்டேன்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. புள்ளிக்கோட்டுக்கு என்ன பொருள் என்று படத்தில் ஓர் இடத்திலும் எழுதியிருக்கவில்லை. பொறியாளர் எப்போதாவது ஓடும் பைப் என்ற கருத்தில் அப்படி வரைந்திருக்கிறார்.

இரண்டாவது, உறிஞ்சுகுழியிலிருந்து வாறுகாலுக்குப் போகும் பைப். கொத்தனார் அதற்காகத் தெருப்பக்கம் தோண்டிப் பார்த்திருக்கிறார். வாறுகாலின் அடி அவர் எதிர்பார்த்ததை விட மேலே இருந்திருக்கிறது. “பைப்பைப் போட்டா தெருத் தண்ணி உள்ள வரும்” என்று முடிவு செய்து, குழியோடு நிறுத்திவிட்டார். அந்த முடிவும் தன்னளவில் சரிதான். நான் அன்றைக்கு வேறு ஊரில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து வந்தபோது பள்ளம் மூடியிருந்தது. பிளானைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. செக்‌ஷனைத் திருப்பி எடுத்து எண்களைப் பார்க்கவில்லை.

அந்த இரவு

ஐப்பசியில் முதல் இரண்டு மழையிலேயே தொட்டி முக்கால்வாசி நிறைந்தது. வடகிழக்குப் பருவமழைதானே எங்கள் பக்கத்துக்கு வருடத் தண்ணீர். சாருக்கு அவ்வளவு சந்தோஷம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, மீட்டரில் 35.

அக்டோபர் கடைசி வாரத்தில் ஓர் இரவு பெய்தது வேறு மாதிரி மழை. சார் முற்றத்தில் நேர்ச்சுவர் உள்ள ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து, எவ்வளவு மழை என்று ஸ்கேலால் அளப்பது வழக்கம். முதல் ஒரு மணி நேரத்தில் 4 செ.மீ., மொத்தம் இரண்டரை மணி நேரத்தில் 7 செ.மீ. என்று நோட்டில் எழுதியிருக்கிறார். டார்ச்சோடு வெளியே வந்தபோது வடிகட்டியின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் முற்றத்தில் வழிந்ததையும் பார்த்திருக்கிறார். உறிஞ்சுகுழியின் துளை மூடிக்கு மேலே ஒரு குளம் மாதிரி நின்றதையும் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை அவர் மனைவி கைப்பம்பில் அடித்த குடம் தண்ணீர் கரும்பழுப்பாக இருந்தது. மேலே வேப்பஞ்சருகுத் துணுக்குகள் மிதந்தன. எனக்கு போன் வந்தது.

முதலில் சந்தேகப்பட்டது

கலங்கல் வந்தால் எல்லாரும் வடிகட்டியைத்தான் பார்ப்போம். நானும் அதைத்தான் சொன்னேன். மணலை அள்ளி, அலசி, திரும்பப் போடச் சொன்னேன். பிளம்பர் அரை நாள் உட்கார்ந்து செய்தார். மணலை அலசிய தண்ணீர் மங்கலாக இருந்ததே தவிர, அதில் கருப்பு மண் இல்லை. அதை அவரே கவனித்துச் சொன்னார்: “அண்ணாச்சி, தட்டட்டியில ஏது கரிசல் மண்ணு?”

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் நேரில் போனேன். தட்டட்டியில் சிமெண்டுத் தூசி இருக்கும், எச்சம் இருக்கும், காய்ந்த இலை இருக்கும். கரிசல் மண் தரையில்தான் இருக்கும். தொட்டியில் கரிசல் இருந்தால், முற்றத்துத் தண்ணீர் ஏதோ ஒரு வழியில் உள்ளே வந்திருக்க வேண்டும். தொட்டிச் சுவரில் விரிசல் இல்லை. மேன்ஹோல் மூடி ஈரமாகக்கூட இல்லை.

தொட்டியைப் பாதி இறைத்துவிட்டு ஏணி வைத்து இறங்கினேன். ஓவர்ஃப்ளோ வாயைச் சுற்றிச் சுவரில் ஒரு நீர்க்கறை இருந்தது. வாயின் அடியிலிருந்து 25 செ.மீ. மேலே, நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில். ஓவர்ஃப்ளோ ஒழுங்காக வேலை செய்திருந்தால் தண்ணீர் அந்த வாயிலிருந்து மூன்று நாலு விரலுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. ஆக, போக வழி இல்லாமல் நின்றிருக்கிறது. ஆனால் நீர்க்கறை அதை மட்டும்தான் சொல்லும். உள்ளே நின்றது வடிகட்டி வழியாக வந்த நல்ல தண்ணீராகவும் இருக்கலாம்.

உறுதியாகச் சொன்னது வலை. ஓவர்ஃப்ளோ வாயில் எலி, தவளை வராமல் இருக்க ஒரு எவர்சில்வர் கொசுவலையைக் கட்டியிருந்தோம். தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியே போனால் குப்பை வலையின் தொட்டிப் பக்கம் ஒட்டும். இங்கே வேப்பிலைச் சருகும் புல்லும் கரிசல் சேறும் வலையின் மறுபக்கம், பைப்புக்குள், அடை மாதிரி ஒட்டியிருந்தன. வலையே தொட்டிப் பக்கமாக லேசாகப் புடைத்திருந்தது. உறிஞ்சுகுழியிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் ஓடியிருக்கிறது.

டிடிஎஸ் 35-லிருந்து 80 ஆகியிருந்ததும் இதற்குப் பொருந்தியது. சேறு கலந்த நிலத்துத் தண்ணீர் கொஞ்சம் சேர்ந்திருந்தால் அவ்வளவு ஏறும். மீட்டர் மட்டும் இருந்திருந்தால் நாங்கள் கவலைப்பட்டிருக்க மாட்டோம். 80 என்பது நல்ல தண்ணீரின் எண்தான். டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பைக் காட்டுமே தவிர, சாக்கடைக் கிருமியைக் காட்டாது.

கணக்கு போட்டுப் பார்த்தது

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேரும் படத்தை விரித்துப் பார்த்தோம். இந்த முறை செக்‌ஷன் மட்டும்.

மணிக்கு 4 செ.மீ. மழை என்றால் 93 சதுர மீட்டரில் 3,720 லிட்டர். அதில் 85 சதவீதம் சுமார் 3,160 லிட்டர். நிமிடத்துக்கு 53 லிட்டர் வடிகட்டிக்கு வந்திருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி மணல் பரப்பு நன்றாக அலசியிருந்தாலே மணிக்குச் சுமார் 1,900 லிட்டர், நிமிடத்துக்கு 31 லிட்டர்தான் இறக்கும். மீதி 22 லிட்டர், நிமிடத்துக்கு நிமிடம், மேலே நின்று ஏறும். அதை வாங்கிக்கொள்ளத்தான் +0.50-ல் அந்தப் புள்ளிக்கோட்டு பைப். அது அடைபட்டிருந்ததால் விளிம்பு தாண்டி முற்றத்தில் விழுந்து, மண்ணைக் கரைத்துக்கொண்டு, சரிவு எங்கே போகிறதோ அங்கே போனது. முற்றத்தின் சரிவு உறிஞ்சுகுழியை நோக்கி.

உறிஞ்சுகுழி மூன்றடி விட்டம், ஐந்தடி ஆழம். அதில் உடைகல் நிரப்பியிருப்பதால் கல்லுக்கு நடுவே உள்ள இடைவெளியில் நிற்பது 400 லிட்டருக்கும் குறைவு. செம்மண்ணிலோ மணல் பூமியிலோ என்றால் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். கரிசல் நனைந்து உப்பினால் வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும், அடியில் சுக்கான். இங்கே குழி நிறைய அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நிறைந்ததும் குழியின் நீர்மட்டம் முற்றத்துத் தரை மட்டம், அதாவது ±0.00. தொட்டியின் ஓவர்ஃப்ளோ −0.45. இரண்டையும் ஒரு பைப் இணைக்கிறது. மேலே இருப்பது கீழே வரும், அவ்வளவுதான்.

மழை உச்சத்தில் இருந்தபோது இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டிருந்திருக்கும். மழை விட்டு வடிகட்டியிலிருந்து வரத்து குறைந்த பிறகும் முற்றத்திலிருந்து குழிக்கு வந்துகொண்டே இருந்திருக்கும். சேறு பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் உள்ளே வந்தது என்று நினைக்கிறேன்.

படத்தில் இதைத் தடுத்தது கடைசி அம்பு. வாறுகால் −0.60-ல் இருந்தால், குழியின் தண்ணீர் −0.60-ஐத் தாண்டி அதிகம் ஏறாது, −0.45-ஐத் தொடாது. அந்த ஒரு பைப்பை எடுத்துவிட்டால் அதற்கு முன்னால் உள்ள எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை. நாங்கள் எடுத்தது அதைத்தான்.

மட்டம் பார்த்தது

மறுநாள் காலையில் கொத்தனார் டியூப் மட்டத்தைக் கொண்டு வந்தார். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூப், அதில் தண்ணீர், நடுவில் காற்றுக் குமிழ் இல்லாமல். குமிழ் ஒன்று இருந்தாலும் இரண்டு முனையும் வெவ்வேறு மட்டம் காட்டும். அதனால் டியூபைத் தரையில் நீட்டி, விரலால் தட்டித் தட்டிக் குமிழை வெளியேற்றினோம். ஒரு முனையை வாசல் படியில் ஆணி அடித்த இடத்தில் பிடித்தார், இன்னொரு முனையை நான் ஒவ்வோர் இடமாகக் கொண்டுபோனேன். தண்ணீர் ஆடி நிற்கும் வரை காத்திருந்து, அது நின்ற இடத்திலிருந்து கீழே டேப்பால் அளந்தோம்.

ஓவர்ஃப்ளோ வாயின் அடி −0.43. படத்துக்கு 2 செ.மீ. வித்தியாசம், பாதகமில்லை. தெரு வாறுகாலின் சிமெண்டு அடி −0.35, அதில் படிந்திருந்த மண்ணோடு −0.20. தெருவே முற்றத்தின் மட்டத்துக்குச் சமமாக இருந்தது. பொறியாளர் பார்த்த போட்டோ பழையது. அதற்கப்புறம் தெருவில் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டு உயர்ந்துவிட்டது. மூன்றாவது குறிப்பில் சொன்ன 30 செ.மீ. எங்கே போயிற்று என்றால், ரோட்டுக்கு அடியில் போயிற்று.

புறவாசல் பக்கம் மட்டும் நல்ல செய்தி. கடைசித் தென்னைக்கு அப்பால் நிலம் ஓர் ஓடையை நோக்கி இறங்குகிறது. தொட்டியிலிருந்து 16 மீட்டர் தூரத்தில் தரை −0.80.

எடுத்த முடிவும் தள்ளியதும்

பிளம்பர் முதலில் சொன்னது ஓவர்ஃப்ளோவில் ஒருவழி வால்வு. குழித் தண்ணீர் உள்ளே வராது என்பது சரி. ஆனால் குழி நிறைந்திருக்கும் நேரம் முழுக்க வால்வு மூடியே இருக்கும், அப்போது தொட்டித் தண்ணீருக்குப் போக வழி இல்லை. மேன்ஹோல் வழியாகத்தான் பொங்க வேண்டும். சருகு ஒன்று வால்வில் மாட்டினால் பழைய நிலைமைதான். தள்ளிவிட்டோம்.

ஓவர்ஃப்ளோவை உயர்த்தலாமா என்று கொத்தனார் கேட்டார். தண்ணீர் வந்து விழும் பைப்பே −0.30-ல் இருக்கிறது. ஓவர்ஃப்ளோ அதற்கு மேலே போனால் தொட்டித் தண்ணீர் வடிகட்டிக்குள் ஏறி நிற்கும். அதுவும் ஆகாது. குழியில் மோட்டார் வைப்பதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த மாதிரி மழையில் எங்கள் ஊரில் கரண்ட் இருக்காது.

கடைசியில் செய்தது இது. தொட்டிக்கும் உறிஞ்சுகுழிக்கும் இருந்த பைப்பை வெட்டி, குழிப்பக்கம் நிரந்தரமாக அடைத்தோம். ஓவர்ஃப்ளோவிலிருந்து புதிதாக 110 மில்லிமீட்டர் பைப்பைப் புறவாசல் வழியாக 16 மீட்டர் கொண்டுபோனோம். மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு என்றால் 16 செ.மீ. இறங்கும், முனை −0.59-ல் வரும். அங்கே தரை −0.80 என்பதால் பைப்பின் வாய் தரைக்கு 21 செ.மீ. மேலே, காற்றில் நிற்கிறது. அது முக்கியம்: வாய் வெளியே தெரிந்தால்தான் ஓடுகிறதா, அடைத்திருக்கிறதா என்று நின்று பார்க்க முடியும். முனையில் வலை, அதுவும் கழற்றிக் கழுவுகிற மாதிரி.

வடிகட்டியின் கேப்பை எடுத்து, +0.50 பைப்பை நேரே உறிஞ்சுகுழிக்குக் கொடுத்தோம். குழி நிறைந்து முற்றத்தில் நின்றாலும் இனி தொட்டிக்கு வழி இல்லை. ஆனால் மேன்ஹோல் மூடி முற்றத்து மட்டத்திலேயே இருந்ததால் அதற்கு 15 செ.மீ. கழுத்து கட்டி உயர்த்தினோம்.

தொட்டியை முழுதும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவினோம். அடுத்த மழையில் நிரம்பியதும் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் 25 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டோம். அதுவரை கேன் தண்ணீர்தான். 10,000 லிட்டர் நல்ல மழைத் தண்ணீரைத் தென்னைக்கு விட்டது சாரின் மனைவிக்கு ரொம்ப வருத்தம். “சேறு தெளிஞ்சா துணிக்காவது ஆவும்லா” என்றார். மாசு கலந்த தண்ணீரை அந்தத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு புதிதாகச் சேர்க்க முடியாது என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு நடந்தது

நவம்பரில் மறுபடி பெரிய மழை வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். வடிகட்டியில் தண்ணீர் ஏறியது, +0.50-ல் நின்றது, பைப் வழியாகக் குழிக்கு ஓடியது, விளிம்பைத் தொடவில்லை. குழி நிறைந்து முற்றத்தில் நின்றது, அப்புறம் மெதுவாகத் தெருப்பக்கம் வழிந்தது. தொட்டி நிறைந்ததும் புறவாசலில் ஓவர்ஃப்ளோ கொட்ட ஆரம்பித்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்தோம்: தண்ணீர் ஓவர்ஃப்ளோ வாயிலிருந்து மூன்று விரல் மேலே நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. காலையில் மீட்டரில் 32. வலையில் குப்பை இல்லை.

டிசம்பர் நடுவில் கடைசியாக நிரம்பியது. அதன்பின் ஒரு நாளைக்கு சுமார் 40 லிட்டர் எடுத்தார்கள், குடிக்கக் கொதிக்க வைத்து. 2025 ஜூன் நடுவில் போய்க் குச்சி விட்டு அளந்தபோது அரை மீட்டர் தண்ணீர் இருந்தது, கிட்டத்தட்ட 2,800 லிட்டர். ஆவணி வரை வரும்.

ஒரு குறை மீதி இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மாதிரி மழை வந்தால் அந்த ஓடையே நிறைந்து −0.59-க்கு மேல் ஏறலாம். அப்போது ஓடைத் தண்ணீர் அதே பைப் வழியாக உள்ளே வரும். அதற்காக முனையில் திருகும் மூடி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், தொட்டிக்கு வரும் பைப்பில் ஒரு வால்வும் போட்டிருக்கிறோம். ஓடை ஏறுகிறது என்று தெரிந்தால் முதலில் வால்வை மூடி வரத்தை நிறுத்தி, பிறகு முனையை மூட வேண்டும். முனையை மட்டும் மூடினால் தொட்டி பொங்கும். இது ஆள் இருந்து செய்ய வேண்டிய வேலை. வீட்டைப் பூட்டிவிட்டு மகன் ஊருக்குப் போகும்போது சார் இரண்டையும் மூடிவிட்டுத்தான் போகிறார்.

நான் மாற்றிக்கொண்டது

இப்போது மழைநீர்ப் படம் கைக்கு வந்தால் தட்டட்டியிலிருந்து ஆரம்பிப்பதில்லை. கடைசி அம்பை முதலில் பார்க்கிறேன். தண்ணீர் இறுதியாக எங்கே விழுகிறது, அந்த இடத்தின் மட்டம் படத்தில் என்ன, நிலத்தில் என்ன என்று டியூப் வைத்து அளந்துவிட்டு, அங்கிருந்து மேலே மேலே வருகிறேன். இந்த வீட்டில் அதைச் செய்திருந்தால் −0.60-க்கும் −0.35-க்கும் உள்ள வித்தியாசம் தொட்டிக்குக் குழி தோண்டும் முன்பே தெரிந்திருக்கும். தொட்டியையும் வடிகட்டியையும் சேர்த்தே 30 செ.மீ. உயர்த்திக் கட்டியிருக்கலாம், 16 மீட்டர் பைப் தேவைப்பட்டிருக்காது.

±0.00 எது என்று கேட்டு, அதை வேலை முடியும் வரை அழியாத ஓரிடத்தில் பெயிண்டால் குறிக்கச் சொல்கிறேன். இங்கே வாசல் படியில் ஆணி அடித்தது பிழை தெரிந்த பிறகுதான். படத்தில் ‘என்று கொள்ளப்பட்டுள்ளது’ என்று எங்கே வந்தாலும் அடிக்கோடு போடுகிறேன். வரைந்தவர் அந்த இடத்தைப் பார்க்கவில்லை என்பதை அவரே நேர்மையாக எழுதிவைத்த இடம் அது.

புள்ளிக்கோடு, விட்டுவிட்டுப் போட்ட கோடு எல்லாவற்றுக்கும் வரைந்தவரிடமே போனில் பொருள் கேட்டு, தாளின் ஓரத்தில் தமிழில் எழுதிவிடுகிறேன். பள்ளம் மூடும் முன் பைப்பின் மட்டத்தை நான் பார்த்தாக வேண்டும் என்று கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த பிளம்பர் இப்போது அவராகவே கேட்கிறார். போன மாதம் மானூரில் இன்னொரு வீட்டு வேலைக்குப் படத்தைக் கொடுத்தபோது, பைப் அளவைப் பார்க்கும் முன்னால் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கடைசித் தண்ணி எங்க விழுது அண்ணாச்சி?” என்றார். அந்தப் படத்தில் அம்பு இருந்தது, மட்டம் எழுதியிருக்கவில்லை. டியூபை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தெருவுக்குப் போனோம்.